கூட்டம் பாதியில் மனசு மாறினால் மினிட்ஸில் எதை எழுதுவது?

என் வீட்டு மாட்டுக்கொட்டகை மேல் ஒரு நீலத் தார்ப்பாய் கிடக்கிறது. ஏற்காட்டில் எங்கள் சிறு காப்பி விவசாயிகள் குழுவுக்கு ஆறு வருடத்துக்கு முன் நான் முதன்முதலாக மினிட்ஸ் எழுதியதன் பலன் அது. அன்றைய கூட்டத்தில் முதலில் பேசியது, காப்பி காயவைக்க 12 தார்ப்பாய் வாங்கலாம் என்று. ஒரு மணி நேரம் கழித்து அதே கூட்டம், தார்ப்பாய் எதற்கு, இருக்கிற சிமெண்டுக் களத்தின் வெடிப்பைப் பூசிவிட்டால் போதும் என்று முடித்தது. நான் தார்ப்பாயைத் தீர்மானமாக எழுதினேன். களத்தை, "மேலும் களம் சரிசெய்வது பற்றிப் பேசப்பட்டது" என்று கீழே ஒரு வரியில் தள்ளினேன். அன்று வராத பொருளாளர் புத்தகத்தைப் பார்த்தார், சேலம் போனார், 12 தார்ப்பாயையும் வாங்கி வந்துவிட்டார். அளந்து வெட்டிய தார்ப்பாயைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

நான் பொய் எழுதவில்லை. எழுதிய இரண்டும் கூட்டத்தில் நடந்தவைதான். ஆனால் முதலில் வந்ததற்கு முடிவு என்ற இடத்தைக் கொடுத்துவிட்டேன், கடைசியில் வந்ததற்குப் பேச்சு என்ற இடத்தைக் கொடுத்துவிட்டேன். இந்தத் தப்பு ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது என்பதைப் போன அக்டோபரில் நடந்த ஒரு கூட்டத்தை வைத்தே சொல்கிறேன். அதில் கூட்டம் திரும்பியது, நானும் கூடவே திரும்பினேன். கொஞ்சம் தடுமாறினேன் என்பதும் உண்மை.

முதலில் நோட்டைப் பிரித்து வையுங்கள்

கூட்டத்தில் உட்கார்ந்து நேரடியாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதாதீர்கள். அதில் எழுதியதை அடிக்க மனசு வராது. அடிக்க மனசு வராததால்தான் முதல் யோசனை அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டு போதும். இடது பக்கம் பேச்சு, வலது பக்கம் முடிவு. ஒவ்வொரு பொருளுக்கும் புதிதாக இரண்டு பக்கம் திறந்துகொள்ள வேண்டும். முந்தைய பொருளில் பாதிப் பக்கம் காலியாக இருக்கிறதே என்று சிக்கனம் பார்க்க வேண்டாம்.

இடது பக்கத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதை மணியோடு குறித்துக்கொண்டே போங்கள். எல்லா வரிக்கும் மணி வேண்டாம். புது யோசனை வரும்போது, யாராவது எழுந்து போகும்போது, தாமதமாக வரும்போது, டீ வரும்போது போட்டால் போதும். வலது பக்கத்தை அந்தப் பொருள் முடியும்வரை தொடவே கூடாது. "இது நிச்சயம், எல்லாரும் சரின்னுட்டாங்க" என்று கை பரபரக்கும். தொடாதீர்கள்.

இடது பக்கத்தில் எழுதும்போது வினைச்சொல்லில் ஒரு கவனம் வேண்டும். காப்பிப் பழத்தைத் தோல் உரிக்கும் இயந்திரமான பல்பரைப் பற்றிய பேச்சில் "பல்பர் வாங்குவது" என்று எழுதினால் அது பார்வைக்குத் தீர்மானம் மாதிரியே இருக்கும். ராத்திரி உட்கார்ந்து நகல் எடுக்கும்போது நமக்கே குழப்பம் வரும். "பல்பர் வாங்கலாம் என்கிறார் பொருளாளர்" என்று ஆள் பெயரோடு எழுதுங்கள். ஆள் பெயர் ஒட்டியிருக்கிற வரி யோசனை. அது கூட்டத்தின் சொத்து ஆகிறபோதுதான் பெயர் உதிர வேண்டும்.

அன்று என்ன நடந்தது

எங்கள் குழுவில் 23 உறுப்பினர்கள், அதில் ஒன்பது பேர் கொண்ட செயற்குழு. எங்கள் விதிப்படி ஐந்து பேராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும், அதுதான் கோரம். அன்று ஏழு பேர் வந்திருந்தார்கள். இரண்டாவது பொருள், பழத்தைத் தோல் உரிக்கப் பொதுவில் ஒரு பல்பர்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் அராபிகா. நவம்பரில் பழுக்கத் தொடங்கி ஜனவரி வரை பறிப்பு ஓடும். பார்ச்மெண்டாக, அதாவது தோல் உரித்துக் கழுவிக் காயவைத்த கொட்டையாக விற்க வேண்டுமானால் பறித்த பழத்தை அன்றைக்கே தோல் உரித்துவிட வேண்டும். மூட்டையில் ஒரு ராத்திரி கிடந்தால் சூடேறிப் புளித்துவிடும், கடைசியில் கப்பில் வந்து காட்டும். உரிப்பதற்கும், பிசுக்குப் போகக் கழுவுவதற்கும் தண்ணீர் நிறைய வேண்டும். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கூட்டம் திரும்பியதில் இந்த இரண்டு விஷயத்துக்கும் பெரிய பங்கு உண்டு: நேரம், தண்ணீர்.

நாகலூர், மஞ்சக்குட்டை இரண்டும் எங்கள் ஏற்காட்டு ஊர்கள். என் இடது பக்கத்தில் இருந்தது இப்படி:

3.10 – பொருளாளர்: சேலத்தில் செகண்ட் ஹேண்ட் மின்சாரப் பல்பர், ரூ.85,000. ஏற்றிவர ரூ.7,000. நாகலூர் அண்ணன் ஷெட்டில் வைக்கலாம் என்கிறார்.
3.20 – ஆளுக்கு ரூ.4,000 (23 பேர், ரூ.92,000). ஐந்து பேர் "சரி".
3.30 – முன்பணம் ரூ.10,000 நாளைக்கே கொடுத்துவிடலாம் என்கிறார் பொருளாளர்.
3.45 – துணைச்செயலாளர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். "எனக்கு ஓகேங்க."
3.50 – டீ. மஞ்சக்குட்டை அக்கா: பறிப்பு முடியவே நாலரை. நாகலூர் கொண்டுபோய்ச் சேர்க்க இருட்டிடும். அப்புறம் எப்போ உரிக்கிறது?
4.00 – நாகலூர் அண்ணன்: ஜனவரியில் கிணறு இறங்கிடும். ஷெட்டில் சிங்கிள் ஃபேஸ்தான், அந்த மோட்டாருக்கு த்ரீ ஃபேஸ் வேணும்.
4.10 – அக்கா: கைப் பல்பர் ரெண்டு வாடகைக்கு எடுத்தா ஆளுக்கொரு பக்கம் வச்சுக்கலாமே?
4.15 – பொருளாளர்: நீங்க சொல்றதும் சரிதான்.
4.20 – வாடகை மூன்று மாசத்துக்கு ரெண்டுக்கும் சேர்த்து 18,000க்குள் முடியும் என்கிறார் துணைத்தலைவர். எப்போ கொண்டுவர்றது? பத்தாம் தேதிக்குள்.
4.25 – தலைவர்: சரி, அப்படியே பண்ணிடலாம். அடுத்தது என்ன?

3.20க்கு ஐந்து பேர் சரி என்ற மின்சாரப் பல்பரை "வேண்டாம்" என்று யாராவது சொன்னார்களா, பாருங்கள். ஒருவரும் சொல்லவில்லை. பழையதைக் கைவிடுகிறோம் என்ற அறிவிப்பு நம் கூட்டங்களில் வரவே வராது. முதலில் யோசனை சொன்னவரின் முகத்தை வைத்து, மரியாதைக்காக, அது அப்படியே பேசாமல் விடப்படும். மினிட்ஸ் எழுதுபவர் "ரத்து" என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தால் ஏமாந்துபோவார்.

திருப்பத்தைக் காதில் பிடிப்பது

முதலில் "சரி" என்ற சொல்லை நம்பாதீர்கள். நம் ஊர்க் கூட்டத்தில் சரி என்றால் கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம், மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம், பேச்சு போதும் என்றும் அர்த்தம். சம்மதம் என்பது நாலாவது அர்த்தம். 3.20க்கு வந்த ஐந்து சரியில் இரண்டுதான் சம்மதம் என்று இப்போது தோன்றுகிறது. "பார்க்கலாம்" இன்னும் மோசம். பெரியவர் ஒருவர் "பார்க்கலாம்" என்றால் பத்துக்கு எட்டு தடவை அது மரியாதையான மறுப்பு. அதை எந்தக் காரணத்துக்காகவும் முடிவுப் பக்கத்தில் ஏற்றக்கூடாது.

திரும்புவதற்கான முதல் அடையாளம் பெரும்பாலும் ஒரு கேள்விதான். எதிர்ப்பு மாதிரியே இருக்காது. "அப்போ தண்ணி?" "அப்போ ராத்திரி யார் இருக்கிறது?" என்று "அப்போ" போட்டு ஒரு கேள்வி வந்தால் பென்சிலைக் கூர்மையாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்து நிமிஷத்தில் "அதுக்குப் பதிலா" வரும்.

ஆனால் புது யோசனை சொல்பவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தப்பு வரும். பார்க்க வேண்டியது பழைய யோசனையின் சொந்தக்காரரை. அவர் இறங்கி வந்துவிட்டாரா? 4.15க்குப் பொருளாளர் சொன்ன "நீங்க சொல்றதும் சரிதான்" என்ற வரிக்கு நான் அடியில் கோடு போட்டேன். கூட்டம் திரும்பிய இடம் அது. கைப் பல்பர் என்ற பேச்சு அதற்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது, ஆனால் அப்போது அது இன்னொரு யோசனைதான். பொருளாளர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால், கூட்டம் பாதிதான் திரும்பியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, நீங்களே கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. சில்லறைக் கேள்விகள் எந்த யோசனையைச் சுற்றி வருகின்றன என்று பாருங்கள். எப்போ கொண்டுவர்றது, யார் ஜீப் அனுப்புவது, சாவி யாரிடம் இருக்கும். 4.20க்குப் பிறகு இந்தக் கேள்விகள் எல்லாம் கைப் பல்பரைப் பற்றியே வந்தன. மின்சாரப் பல்பரைப் பற்றிக் கடைசியாக வந்த சில்லறைக் கேள்வி 3.30க்கு.

அடுத்த பொருளுக்குப் போகவிடாமல் ஒரு நிமிஷம்

தலைவர் "அடுத்தது என்ன?" என்றதும் கை தூக்கிவிடுங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பழகிவிடும். நான் கேட்கும் வாக்கியம் எப்போதும் ஒரே அச்சுதான்:

"ஐயா, ரெண்டாவது பொருளுக்கு இப்படி எழுதிக்கட்டுங்களா: மின்சாரப் பல்பர் வாங்கப் போறதில்லை, கைப் பல்பர் ரெண்டு வாடகைக்கு எடுக்கிறோம். சரிங்களா?"

இதில் முதல் பாதிதான் முக்கியம். கைப் பல்பர் எடுக்கிறோம் என்று மட்டும் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அதற்குள் ஒருவர் மனசில் "கைப் பல்பரும், அதோடு அடுத்த மாசம் மின்சாரப் பல்பரும்" என்று இருக்கும். கைவிட்டதை வாய்விட்டுச் சொல்லிக் கேட்டால்தான் அது வெளியே வரும். அன்று வந்தது. பொருளாளர், "வாங்கறதில்லைன்னு போடாதீங்க தம்பி, இந்த சீசனுக்கு வாங்கறதில்லைன்னு போடுங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு விலை ரூ.85,000. அவர் யோசனை செத்துப்போகவில்லை, அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகிறது. அது தலைவருக்கும் சம்மதம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

இந்தக் கேள்வியைத் தலைவரைப் பார்த்துக் கேளுங்கள், பதிலைச் சபையிடமிருந்து எடுங்கள். சில தலைவர்கள் தங்களுக்குப் பிடித்ததையே முடிவாகச் சொல்லிவிடுவார்கள், வேண்டுமென்று இல்லை, அவர்கள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கும். அவர் சொல்வதும் உங்கள் இடது பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால் சண்டை போட வேண்டாம். "நாலே காலுக்குப் பொருளாளர் சரின்னாருன்னு குறிச்சிருக்கேன், அதுதானுங்களா?" என்று வாசித்துவிட்டுச் சும்மா இருங்கள். மீதியைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும்.

சில சமயம் பதிலே வராது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்படியானால் கூட்டம் பழையதை விட்டுவிட்டது, புதியதைப் பிடிக்கவில்லை. இதுவும் ஒரு முடிவுதான்: "முடிவு எட்டப்படவில்லை, அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும்." இப்படி எழுதத் தயங்கி, காலி இடத்தைப் பழைய யோசனையால் நிரப்பிவிடுவதுதான் நான் அதிகம் பார்த்திருக்கும் தவறு.

வாலை வெட்டுவது

தலை மாறினாலும் வால் அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். இதில்தான் அன்று எனக்குத் தடுமாற்றம்.

வலது பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். கைப் பல்பர் இரண்டு, வாடகை 18,000க்குள், பத்தாம் தேதிக்குள். ஆளுக்கு எவ்வளவு? இடது பக்கத்தில் ரூ.4,000 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதை எழுதியும் விட்டேன். எழுதின பிறகுதான் பெருக்கிப் பார்த்தேன்: 23 பேர், நாலாயிரம், 92,000. வாடகையோ 18,000. நாலாயிரம் என்பது மின்சாரப் பல்பருக்குப் போட்ட கணக்கு. அந்தப் பல்பர் போனதும் அதுவும் போயிருக்க வேண்டும், ஆனால் யாரும் அதைத் தனியாகப் பேசவில்லை.

மறுபடி கை தூக்கினேன். கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் துணைத்தலைவர் மனக்கணக்குப் போட்டு ஆளுக்கு 800 போதும் என்றார். 18,400 வரும்.

அதனால் கூட்டம் திரும்பிவிட்டது என்று தெரிந்தவுடன், பழைய யோசனையோடு ஒட்டி வந்த ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டே வாருங்கள். பணம் எவ்வளவு, யார் பொறுப்பு, எந்த இடம், எந்தத் தேதி, யாருக்காவது வாக்குக் கொடுத்தாயிற்றா. இவற்றில் சில புதிய முடிவுக்கும் பொருந்தும், சில செத்துவிடும். எது எது என்று நீங்களாக முடிவுசெய்யக்கூடாது, கேட்டுத்தான் எழுத வேண்டும். எங்கள் கூட்டத்தில் இடம் பாதி பிழைத்தது: நாகலூர் ஷெட் அப்படியே, ஆனால் ஒரு கைப் பல்பருக்கு மட்டும். பொறுப்பு பொருளாளரிடமிருந்து துணைத்தலைவருக்கு மாறியது. முன்பணம் ரூ.10,000 மொத்தமாகச் செத்தது. நாளைக்கே கொடுத்துவிடலாம் என்று பொருளாளர் சொல்லியிருந்தாரே, அதனால் இதைத்தான் அவசரமாகக் கேட்க வேண்டியிருந்தது.

போனவர்கள், வந்தவர்கள்

3.45க்கு எழுந்து போன துணைச்செயலாளரை மறந்துவிடாதீர்கள். அவரைப் பொறுத்தவரை கூட்டம் மின்சாரப் பல்பர் வாங்குவது என்று முடிந்துவிட்டது. அவர் சொல்வது அவருக்கு உண்மைதான். கூட்டம் திரும்புகிற நாளில் பாதியில் போகிறவர்கள் எல்லோரும் முதல் யோசனையைச் சுமந்துகொண்டுதான் போவார்கள்.

எங்கள் ஆள் சும்மாவும் போகவில்லை. மலையிறங்கும் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவில் ஏதோ ஒன்றில் சிக்னல் கிடைத்திருக்கிறது, குழுவின் வாட்ஸப்பில் போட்டுவிட்டார்: "பல்பர் வாங்க முடிவாகிவிட்டது. ஆளுக்கு 4,000. பொருளாளர் நம்பருக்கு அனுப்பவும்." கூட்டம் முடிந்து போனைப் பார்க்கும்போது ஒருவர் நாலாயிரத்தை அனுப்பியே விட்டிருந்தார்.

இதற்கு முதல் வேலை அவருக்குப் போன் செய்வது. குழுவில் போட்டுத் திருத்தினால் அவர் முகம் வாடும், "நான் இருந்தப்போ அப்படித்தானே பேசினீங்க" என்று அங்கேயே தொடங்குவார். போனில் சொல்லிவிட்டு, அவருடைய அந்த மெசேஜுக்கே ரிப்ளையாகத் திருத்தத்தைப் போடுங்கள், அப்போதுதான் பழையதைத் தேடிப் படிக்கிறவர் கண்ணிலும் புதியது படும். நான் போட்டது: "3.45 மணிக்குப் பிறகு கூட்டத்தில் இது மாறியது. மின்சாரப் பல்பர் இந்தப் பருவத்தில் வாங்கவில்லை. ஆளுக்கு ரூ.800 மட்டும். கூடுதலாக அனுப்பியவருக்கு ரூ.3,200 திரும்ப வரும்." பழைய மெசேஜை அழிக்கச் சொல்லவில்லை. அழித்தால் நாலாயிரம் ஏன் வந்தது என்பதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும்.

ஆள் போவதில் இன்னொரு சிக்கலும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. திரும்பிய நேரத்தில் கோரம் இருந்ததா? எங்களுக்கு ஏழில் ஒருவர் போய் ஆறு, தப்பித்தோம். மூன்று பேர் போயிருந்தால் நாலு பேர்தான், எங்கள் விதிப்படி அந்த நாலு பேர் எடுத்த முடிவு முடிவே ஆகாது. அப்போது பழையதும் முடிவாகியிருக்கவில்லை என்றால், இரண்டையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளுவதைத் தவிர வழியில்லை. அதனால்தான் போகும் மணியை எழுதச் சொல்கிறேன்.

ஓட்டுக்கு விட்டு நிறைவேறியிருந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் பேச்சோடு பேச்சாக மாறியதற்கு. மின்சாரப் பல்பர் தீர்மானத்தை ஒருவர் முன்மொழிந்து, ஒருவர் வழிமொழிந்து, கை தூக்கி நிறைவேற்றியிருந்தால் கதை வேறு. அது நடந்துவிட்ட தீர்மானம். அரை மணி கழித்து மனசு மாறினாலும் அதை மறைக்க முடியாது. முதல் தீர்மானத்தையும் எழுத வேண்டும், அதை ரத்துசெய்யும் இரண்டாவது தீர்மானத்தையும் தனி எண் போட்டு, யார் முன்மொழிந்தார் என்பதோடு எழுத வேண்டும். ரத்துசெய்ய உங்கள் விதியில் தனி நிபந்தனை இருக்கிறதா என்று அங்கேயே புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். போன மாதத்துத் தீர்மானத்தை இந்த மாதம் மாற்றினாலும் இதேதான் வழி. பழைய பக்கத்தில் போய்க் கை வைக்கக்கூடாது.

தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவது

அன்று ராத்திரியே உட்காருங்கள். இரண்டு நாள் போனால் எது முதலில் வந்தது என்பதை விட, எது சத்தமாகப் பேசப்பட்டது என்பதுதான் ஞாபகம் இருக்கும். வலது பக்கத்தை மட்டும் வைத்து எழுதுங்கள், சந்தேகம் வந்தால் மட்டும் இடது பக்கம். கூட்டத்துக்கு வராத ஒருவர் இந்த ஒரு பத்தியை மட்டும் படித்துவிட்டு வேலையைச் செய்ய முடிய வேண்டும். நான் எழுதியது:

"பொருள் 2. பொதுப் பல்பர். இந்தப் பருவத்துக்கு இரண்டு கைப் பல்பர்களை வாடகைக்கு எடுப்பது; ஒன்று நாகலூர்ப் பக்கமும் ஒன்று மஞ்சக்குட்டைப் பக்கமும் வைப்பது எனத் தீர்மானிக்கப்பட்டது. மூன்று மாத வாடகை இரண்டுக்கும் சேர்த்து ரூ.18,000க்கு மிகக்கூடாது. உறுப்பினர் ஒருவருக்கு ரூ.800, நவம்பர் 5க்குள் பொருளாளரிடம் செலுத்த வேண்டும். பல்பர்களை நவம்பர் 10க்குள் கொண்டுவருவது துணைத்தலைவர் பொறுப்பு. மின்சாரப் பல்பர் வாங்கும் யோசனை, பழம் அன்றே வந்துசேர முடியாமை, தண்ணீர், மின் இணைப்பு ஆகிய காரணங்களால் இந்தப் பருவத்துக்குக் கைவிடப்பட்டது. அதற்காக முன்பணம் எதுவும் கொடுப்பதில்லை."

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பற்றிக் கேட்பார்கள்: முடிவை மட்டும் எழுதினால் போதாதா, கைவிட்டதை எதற்குச் சேர்க்க வேண்டும்? பெரும்பாலும் போதும். டீக்கு வடையா போண்டாவா என்று மாறினதை எல்லாம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் மூன்று நிலைமையில் நான் கைவிட்டதையும் எழுதுகிறேன்: பழைய யோசனையோடு யாராவது வெளியே போயிருந்தால், அதற்காகப் பணம் கை மாறியிருந்தால் அல்லது மாறப் போகிறது என்றால், அடுத்த வருஷம் அதே யோசனை திரும்ப வரும் என்று தெரிந்தால். எங்களுக்கு மூன்றுமே இருந்தன. அப்படி எழுதும்போதும் முடிவு முதலில் வர வேண்டும், கைவிட்டது கடைசியில். நடந்த வரிசைப்படி எழுதினால் மேலே இருப்பதை மட்டும் படித்துவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறுகிற பொருளாளர்கள் உலகத்தில் உண்டு.

"பேசப்பட்டது", "விவாதிக்கப்பட்டது", "ஆலோசிக்கப்பட்டது" என்ற சொற்களைத் தீர்மானப் பத்தியில் விடாதீர்கள். என் தார்ப்பாய் வந்ததே அந்தச் சொல்லால்தான்.

எழுதின வரைவை எல்லோருக்கும் அனுப்பி, எதிர்ப்பு இருந்தால் சொல்ல நாள் கொடுங்கள். நாங்கள் ஒரு வாரம் கொடுக்கிறோம். உங்கள் அமைப்பு கம்பெனியாகப் பதிவானதென்றால் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 118ஆம் பிரிவு இருக்கிறது: கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் பக்க எண் தொடர்ச்சியாகப் போட்ட பதிவேட்டில் மினிட்ஸ் ஏறியாக வேண்டும். சங்கமாகவோ கூட்டுறவாகவோ இருந்தால் உங்கள் துணைவிதியைப் பாருங்கள்.

ஏற்றின பிறகு தப்புத் தெரிந்தால் ஒயிட்னர் போடாதீர்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள், மேலே தாள் ஒட்டாதீர்கள். தலைவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்றால் படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, செயலாளரும் தலைவரும் சுருக்கொப்பமிட்டுத் தேதி போட்டால் போதும். கையெழுத்தாகிவிட்டது என்றால் அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக, போன கூட்ட மினிட்ஸில் இன்ன வரி இன்னபடி இருக்க வேண்டும் என்று திருத்தத் தீர்மானம் போடுங்கள். தார்ப்பாய் விஷயத்தில் நாங்கள் அதைத்தான் செய்தோம், தார்ப்பாய் வந்து இறங்கிய பிறகு.

நவம்பர் கூட்டத்தில் மினிட்ஸை வாசித்தேன். துணைச்செயலாளர் எழுந்தார். "நான் இருக்கும்போது வாங்கறதுன்னுதானுங்களே பேசினோம்?" என்றார். ரஃப் நோட்டை எடுத்து இடது பக்கத்தைக் காட்டினேன். 3.45 என்ற வரியைப் பார்த்தார், அதற்குக் கீழே இருந்ததை எல்லாம் மெதுவாகப் படித்தார். சிங்கிள் ஃபேஸ் என்ற இடத்தில் நாகலூர் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் மெசேஜே போட்டிருக்க மாட்டேனே அண்ணா" என்றார். அவரோ, முன்னாடி யாரும் கேட்கவில்லையே என்றார். தலைவர் கையெழுத்துப் போட்டார். ரஃப் நோட்டை மூடப் போகும்போது துணைச்செயலாளர், அடுத்த வருஷத்துக்காவது த்ரீ ஃபேஸுக்கு இப்போதே எழுதிக் கொடுத்து வைக்கலாமே என்றார். புதுப் பக்கம் பிரித்து, இடது பக்கத்தில் அவர் பெயரோடு குறித்துக்கொண்டேன்.